முகூர்த்த நாளும் அலங்கார நிலையத்து இயந்திரங்களும்

ஆவணி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்து அலங்கார நிலையங்களின் பதிவேடுகளில் வெறும் பக்கங்களைக் காண்பது அரிது. முகூர்த்தம் காலையில் என்றால் மணப்பெண்ணின் அலங்காரம் விடியுமுன்னரே தொடங்கவேண்டும். அந்நேரத்தில் கூந்தலை உலர்த்தும் ஹெயர் டிரையர் நின்றுபோனாலும், முகத்துக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர் ஆவி தர மறுத்தாலும், நகம் திருத்தும் கருவிகளின் கிருமிகளை நீக்கும் ஓட்டோகிளேவ் சூடேறாது போனாலும், மணவீட்டாருக்கு மறுநாள் தவணை சொல்லமுடியாது. பழுதுபார்ப்பவரின் கடையோ அவ்வேளையில் திறந்திராது.

ஆயினும் இம்மூன்று இயந்திரங்களும் முன்னறிவிப்பின்றிப் பெரும்பாலும் நிற்பதில்லை. பல நாட்களுக்கு முன்னரே ஏதேனும் ஒரு குறியைக் காட்டுகின்றன. அக்குறியைக் கண்டு, வேண்டிய உதிரிப்பாகத்தை வரவழைப்பதற்குப் போதிய நாட்கள் கையிலிருக்கும்போதே செயலாற்றுவதற்காகத்தான் பராமரிப்பு அட்டவணை ஒன்று வேண்டப்படுகிறது. முகூர்த்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதப்படும் அட்டவணையே இத்தொழிலுக்குப் பொருந்துவது.

மூன்றனுள் யாழ்ப்பாணத்தில் அதிகத் தொல்லை தருவது ஸ்டீமர்தான். அதன் காரணம் நிலத்தின் கீழே இருக்கிறது. குடாநாட்டின் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடே ஊறிவரும் கிணற்றுநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் கொதிக்கும்போது அச்சுண்ணாம்பு நீரைவிட்டுப் பிரிந்து வெண்ணிறக் காறையாகப் படிகின்றது. வீட்டுக் கேத்திலின் அடியில் காணப்படும் வெள்ளைப் படிவும் இதுவே. கேத்திலில் அது கண்ணுக்குத் தெரிவதால் சுரண்டிவிடுகிறார்கள். ஸ்டீமரிலோ அது உள்ளே இருக்கும் வெப்பக்கம்பியைச் சுற்றிக் கவசம்போல் மூடிக்கொள்கிறது. கம்பியின் சூடு நீருக்குச் செல்ல வழியின்றிக் கம்பியிலேயே தங்கிவிட, கம்பி அளவுக்குமீறிச் சூடேறி ஒருநாள் எரிந்துபோகிறது.

இதற்கு முன்னர் இரண்டு குறிகள் தோன்றும். முதலாவது, ஆவி வரத் தாமதமாவது. இரண்டாவது, ஆவியோடு கொதிநீர்த் துளிகள் தெறிப்பது. இரண்டாவது குறி தோன்றியபின் அவ்வியந்திரத்தை எவர் முகத்துக்கு முன்னும் வைத்தல் ஆகாது; துளி பட்ட இடம் வெந்துவிடும். ஆகவே முதற்குறியைக் கவனித்தலே அறிவுடைமை. அதற்கு ஒரு கைக்கடிகாரம் போதும். புதிய ஸ்டீமர் ஆளியைப் போட்டதிலிருந்து எத்தனை நிமிடத்தில் ஆவி தருகிறது என்பதை அதன் அடிப்புறத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடவேண்டும். பின்னர் வாரம் ஒருமுறை, அதே அளவு நீரை ஊற்றி, அந்நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

காறையை நீக்குவதும் கடினமன்று. வெண் வினாகிரியும் நீரும் சம அளவாகக் கலந்து தொட்டியில் ஊற்றி, மின்சாரம் தொடுக்காமல் அரைமணி முதல் ஒருமணி நேரம் விட்டுவைத்தால் காறை இளகிக் கரையும். பின் அதைக் கொட்டி, நல்ல நீரால் இருமுறை அலசி, ஒருமுறை வெறுமனே கொதிக்கவிட்டு அந்நீரையும் கொட்டவேண்டும். இல்லையேல் வாடிக்கையாளர் முகத்தில் வினாகிரியின் நெடி வீசும். கத்தியாற் சுரண்டுதல் கூடாது. வெளுக்கும் திரவத்தை வினாகிரியுடன் ஒருபோதும் கலத்தல் கூடாது. அதிலிருந்து நச்சுவாயு எழும். கிணற்றுநீர் ஊற்றுவோர் இதை வாரந்தோறும் செய்யவேண்டியிருக்கும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவோருக்கு மாதம் ஒருமுறை போதும். எந்த நீராயினும் இரவில் தொட்டியைக் காலிசெய்து உலரவிடுவது நன்று. நறுமண எண்ணெயைத் தொட்டிக்குள் விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதனாலும் நீர் நுரைத்துத் தெறிக்கும்.

ஹெயர் டிரையரின் நோய் வேறு. அது பின்புறமாகக் காற்றை இழுத்து முன்புறமாக ஊதுகிறது. இழுக்கும் வாயிலிலுள்ள வலையில் முடியும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குன்றி, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் மிகையாகச் சூடேறும். அப்போது பாதுகாப்பு ஆளி தானே மின்சாரத்தைத் துண்டிக்கும். சற்று ஆறியபின் இயந்திரம் மீண்டும் ஓடும். ‘தானாக நின்றது, தானாகச் சரியாயிற்று’ என்று பலர் மகிழ்ந்துவிடுகின்றனர். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. மாலைதோறும் இணைப்பைக் கழற்றி, ஆறவிட்டு, உலர்ந்த பழைய பற்தூரிகையால் அவ்வலையைத் துடைப்பதற்கு ஒரு நிமிடமே செல்லும். மின்வயரை டிரையரின் உடம்பில் இறுகச் சுற்றிவைத்தால் கைப்பிடியின் அடியில் வயர் முறியும். தளர்வாக மடித்துத் தொங்கவிடுதல் வேண்டும்.

ஓட்டோகிளேவ் அழுத்தத்தின்கீழ் நீராவியைக் கொண்டு வேலைசெய்வது. 121 பாகை செல்சியஸ் வெப்பம் குறைந்தது 15 நிமிடம் நிலைக்கவேண்டும். அவ்வெப்பம் நிலைப்பதற்குக் கதவைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் ஆவியை இறுக அடைத்திருத்தல் வேண்டும். நாள்தோறும் வளையத்தை ஈரத்துணியால் துடைக்கும்போது விரலால் தடவிப் பார்த்தால், மயிரிழை வெடிப்பும் விறைப்பும் புலப்படும். கதவோரத்தில் சீறும் ஒலியோ நீர்க்கசிவோ தோன்றினால் வளையத்தை மாற்றும் காலம் வந்துவிட்டது. இதற்கும் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. பொட்டலத்தின்மேல் ஒட்டும் நிறம்மாறும் நாடா சூடு பட்டது என்பதை மட்டுமே காட்டும். கிருமிகள் மடிந்ததற்கு அது சான்றாகாது. ஊதாக்கதிர்ப் பெட்டியும் ஓட்டோகிளேவுக்கு மாற்றாகாது. சுத்தமான கருவிகளை வைத்திருக்க மட்டுமே அது உதவும்.

இனி, ஆவணி 15ஆம் நாள் மணப்பெண் அலங்காரம் ஒன்றை ஏற்றுக்கொண்ட ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கு டிரையர் இரண்டு, ஏனையவை ஒவ்வொன்றே. பத்து நாட்களுக்கு முன்னர், 5ஆம் நாள், மூன்றுவகை இயந்திரங்களும் சோதிக்கப்படுகின்றன. ஸ்டீமரின் சீட்டில் 7 நிமிடம் என்றிருக்க, அன்று 11 நிமிடம் செல்கிறது. ஒருமுறை காறை நீக்கியதும் 9 நிமிடமாகிறது. படிவு இன்னும் எஞ்சியுள்ளது என்பதே இதன் பொருள். மறுநாளும் நீக்கியபின் 7 நிமிடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு டிரையர் நான்கு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. வலையைத் துடைத்தும் பயனில்லை. ஆகவே குற்றம் உள்ளே உள்ளது. அது திருத்துபவரிடம் போகிறது, மற்றதைக் கொண்டு வேலை நடக்கிறது. ஓட்டோகிளேவின் கதவோரம் கசிகிறது. வளையத்துக்குக் கொழும்புக்குச் சொல்லியனுப்பப்படுகிறது. 9ஆம் நாள் அது வந்துசேர, மாற்றியபின் வெறும் இயந்திரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப்படுகிறது. 12ஆம் நாள் இக்குறைகள் தெரியவந்திருந்தால் அவ்வளையம் காலத்துக்குக் கிடைத்திராது.

13ஆம் நாளே திருமணத்துக்கு வேண்டிய கருவிகள் யாவும் கழுவி, பொட்டலமிட்டு, கிருமிநீக்கி வைக்கப்படுகின்றன. ஆவியைச் சேமித்து வைக்க இயலாது. ஆனால் உலர்ந்து முத்திரை கெடாதிருக்கும் பொட்டலத்தைச் சேமித்து வைக்கலாம். எனவே அன்றைக்கு ஓட்டோகிளேவ் நின்றுபோனாலும் வேலை நில்லாது. ஸ்டீமர் கைவிட்டால், வெந்நீரில் தோய்த்துப் பிழிந்து, முழங்கையில் வைத்துச் சூடு பார்த்த துவாய் ஓரளவு ஈடுசெய்யும். டிரையருக்கு மட்டும் மற்றொரு டிரையரே மாற்று.

ஓட்டோகிளேவின் பாதுகாப்பு வால்வு, உள்ளிருக்கும் மின்னிணைப்பு, எரிந்த கம்பிச்சுருள் ஆகியவற்றை நிலையத்தார் தாமே திறந்து பார்க்கலாகாது. இவற்றைப் பயிற்சிபெற்றவர் ஆண்டுக்கொருமுறை சோதிக்கவேண்டும். அதற்கான காலத்தையும் நமது நாட்காட்டியே ஒதுக்கித் தருகிறது. திருமணங்கள் நிகழாத ஆடியிலும் மார்கழியிலும் பதிவேடு வெறுமையாயிருக்கும். ஆடி முதல் வாரத்தில் இயந்திரங்களை அனுப்பினால், அவை மூன்று வாரம் தங்கினாலும் ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முன் திரும்பிவிடும்.