ஆறு மடங்கு போதும், ஆறே முக்கால் வேண்டாம்

2001இல் நின்டென்டோ வெளியிட்ட கேம் பாய் அட்வான்ஸின் திரை உள்ளங்கையில் அடங்கிவிடும். குறுக்கே 240 புள்ளி, மேலிருந்து கீழே 160 புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளைத்தான் பிக்சல் என்கிறோம். ஒரு பாத்திரத்தின் கண்ணுக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். எனவே ஓவியர்கள் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி வைத்தார்கள்.

அதே விளையாட்டை இன்று கணினியில் எமுலேட்டர் வழியாக முழுத்திரையில் போட்டால், படம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் மங்கிவிடுகிறது. பழைய விளையாட்டு, அப்படித்தான் இருக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குறை விளையாட்டில் இல்லை, பெரிதாக்கும் முறையில் இருக்கிறது.

வழக்கமான கணினித் திரையின் உயரம் 1080 பிக்சல். அதை 160ஆல் வகுத்தால் 6.75 வரும். அதாவது பழைய பிக்சல் ஒவ்வொன்றும் திரையில் ஆறே முக்கால் பிக்சல் உயரம் இருக்க வேண்டும். முக்கால் பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் பைலினியர் என்ற முறை, பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து ஒப்பேற்றுகிறது. கறுப்புக் கோட்டின் ஓரம் சாம்பலாகிறது. மங்கலுக்குக் காரணம் இந்தக் கலப்படம்தான்.

இதைத் தவிர்க்க, நிறத்தைக் கலக்காமல் மிக அருகிலுள்ள பிக்சலை அப்படியே நகலெடுக்கும் ‘நியரஸ்ட் நெய்பர்’ முறை இருக்கிறது. ஆனால் இது மட்டும் போதாது. 6.75 மடங்கிலேயே வைத்தால், நான்கில் மூன்று வரிசைகள் 7 பிக்சல் தடிமனாகவும் ஒன்று 6 பிக்சலாகவும் விழும். நின்ற படத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. காட்சி நகரும்போதுதான் கோடுகள் தடித்தும் மெலிந்தும் நெளியும்.

ஆகவே மடங்கு முழு எண்ணாகவும் இருக்க வேண்டும். ஆறு மடங்கு என்றால் படம் 1440 × 960. 1920 × 1080 திரையில் மேலும் கீழும் 60 பிக்சல், பக்கத்துக்கு 240 பிக்சல் கறுப்பாக மிஞ்சும். இந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் 768 பிக்சல் உயரமுள்ள மடிக்கணினியில் நான்கு மடங்குதான் கொள்ளும். படம் 960 × 640 ஆகச் சுருங்கிவிடும்.

ரெட்ரோஆர்ச் எமுலேட்டரில் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். Settings, பிறகு Video பகுதிக்குள் போய் `Bilinear Filtering` என்பதை அணைத்து, `Integer Scale` என்பதை இயக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மங்கலோ நெளிவோ மிஞ்சும். சந்தேகமிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயின்ட் போன்ற செயலியில் பெரிதாக்கிப் பாருங்கள். சதுரங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவற்றின் ஓரத்தில் இடைநிறம் இருக்கக் கூடாது.

பழைய டிவிக்காகச் செய்த விளையாட்டுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. செகாவின் சோனிக் விளையாட்டில் அருவியைச் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரைந்திருக்கிறார்கள். டிவியின் மங்கல் அவற்றைக் கலந்து, அருவி கண்ணாடிபோல் தெரியும்படி செய்தது. அத்தகைய விளையாட்டுகளுக்கு டிவி திரையைப் பின்பற்றும் சிஆர்டி ஷேடரைப் போட்டுக்கொள்ளுங்கள்.