தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

தூத்துக்குடியிலிருந்து ஒரு மார்கழி விடியலில் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனோம். எனக்கு ஜீன்ஸ், பருத்தி டீ-ஷர்ட், காலில் ஹவாய் செருப்பு. படகோட்டி அண்ணாச்சி செருப்பை மட்டும் பார்த்தார். "அதைக் கழத்திப் பைக்குள்ள போடுங்க. கடல்ல போச்சுன்னா திரும்பி வராது" என்றார். ஜீன்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் வாடைக்காற்று அதைச் சொல்லிவிட்டது.

ஓடுகிற படகில் முகப்பு அலையை வெட்டும்போதெல்லாம் தண்ணீர் தெறித்து நெஞ்சிலும் மடியிலும் விழும். தூத்துக்குடியில் குளிரா என்று கேட்கலாம். நனைந்த துணியிலிருந்து நீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். வெயில் ஏறாத நேரத்தில் அதில் பெரும்பங்கு நம் உடம்பிலிருந்துதான் போகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நனைந்த டீ-ஷர்ட்டைப் பிழிந்த பிறகும் 200 கிராம் தண்ணீர் அதில் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுதும் ஆவியாகச் சுமார் 115 கிலோ கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது 80, 90 கிலோ கலோரிதான். காற்றும் கொஞ்சம் வெப்பம் கொடுக்கும் என்றாலும் பல் ஏன் கிடுகிடுத்தது என்பதற்கு இது போதும். அதற்குள் அடுத்த அலை வந்து சட்டையை மறுபடி நனைத்துவிடும்.

பருத்தி நூலிழை தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி ஊதிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை ஏறக்குறைய ஒன்றும் உறிஞ்சாது. நைலான் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் கடைக்காரர் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. எந்தத் துணியானாலும் இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் தங்கும். துணி தடிமனாக இருந்தால் அந்தச் சந்துகளும் அதிகம். அதனால் கனமான பாலியெஸ்டர் டிராக் பேன்ட்டும் சீக்கிரம் காயாது. லேபிளைப் பார்ப்பதைவிடச் சமையலறைத் தராசை நம்பலாம். உலர்ந்த சட்டையை எடை போடுங்கள். நனைத்து, பிழிந்து, உதறி மறுபடி போடுங்கள். கூடுதல் எடைதான் நீங்கள் உடம்புச் சூட்டில் காய வைக்கப்போகும் தண்ணீர். அது குறைவாக உள்ள முழுக்கைச் சட்டையே கடலுக்கு நல்லது, வெயிலையும் மறைக்கும்.

சீக்கிரம் காயும் சட்டை தானாகக் குளிரைத் தடுக்காது. காயும் அந்தச் சில நிமிடங்களில் நன்றாகவே குளிரும். மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று வேண்டும். பிளாஸ்டிக் மழைக்கோட்டு காற்றைத் தடுத்தாலும் வியர்வையை உள்ளேயே நிறுத்தி வைக்கும். வெயில் ஏறியதும் கழற்றிவிடுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துணியில் காய்ந்த கடலுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் அறுக்கும்.

காலுக்கு வருவோம். ஈரத் தளத்தில் வழுக்குவதற்குக் காரணம் அடிப்பாகத்துக்கும் தளத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் மெல்லிய நீர்ப்படலம். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த பால் ஸ்பெரி தன் பாய்மரப் படகில் வழுக்கி விழுந்தவர். தன் நாய் பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு அதன் பாதத்தைப் புரட்டிப் பார்த்தார். பாதமெங்கும் நுண்ணிய வெடிப்புகள். ரப்பர் அடியில் கத்தியால் நெளிநெளியாகக் கீறிப் பார்த்து, 1935இல் படகுக் காலணியைக் கொண்டுவந்தார். கால் ஊன்றும்போது தண்ணீர் அந்தக் கீறல்களுக்குள் ஒதுங்க, ரப்பர் தளத்தைத் தொடுகிறது.

கடையில் காலணியை வளைத்துப் பாருங்கள். கீறல்கள் வாய் திறக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் அமுங்க வேண்டும். மலையேறும் ஷூவின் பெரிய கட்டைப் பற்கள் சேற்றுக்கு நல்லவை. வழவழப்பான ஃபைபர் தளத்தில் அவை தொடும் பரப்பு குறைவு, ரப்பரும் பெரும்பாலும் கெட்டி. ஹவாய் செருப்பில் குதிகால் பிடிப்பே இல்லை. நனைந்ததும் செருப்பு தளத்தில் நின்றாலும் கால் செருப்புக்குள் வழுக்கும். குதிகாலை இறுக்கிப் பிடிக்கிற, தண்ணீர் வடிய ஓட்டையுள்ள, விரலை மூடிய காலணியாகப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். கீறல்களில் மணல் அடைத்துக்கொண்டால் பழைய செருப்புக்குச் சமம்தான்.

எந்தக் காலணியும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: மீனின் வழவழப்பும் இரத்தமும் எண்ணெயும். அவை தண்ணீரைப் போலக் கீறலுக்குள் எளிதில் ஒதுங்காது. அண்ணாச்சி ஒவ்வொரு மீனைத் தூக்கிப் போட்ட பிறகும் ஒரு வாளி கடல்நீரை அள்ளித் தளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வெறுங்காலில்தான் நின்றார்; விரல்களை விரித்து ஊன்றும் பழக்கம் பல வருடத்துச் சம்பாத்தியம். அவர் பாதத்தில் கெளுத்தி முள் ஏறிய தழும்பும் இருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க அடுத்த தடவ ஷூ போட்டு வாங்க" என்றார்.