பிரேக் அடிச்சும் பஸ் நிக்கலையா? தப்பு உங்க கால்ல இல்ல... கேமிங் வீலை சரியா செட் பண்றது இப்படித்தான்!

அருப்புக்கோட்டை பக்கம் எம்.ரெட்டியபட்டியில் அண்ணன் வீடு. கோடை லீவில் போயிருந்தபோது, அண்ணன் மகன் லேப்டாப் முன்னால் ஸ்டீயரிங்கும் பெடலுமாக உட்கார்ந்திருந்தான். 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' கேமில் தமிழ்நாட்டு பஸ் மோட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். போனில் பஸ் கேம் ஆடிப் பழகியவன், காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில் வீல் வாங்கியிருக்கிறான். ஆனால், முகத்தில் சந்தோஷமே இல்லை.

"பஸ் இடது பக்கமாவே இழுக்குது சித்தப்பா. பிரேக் அடிச்சாலும் முன்னாடி போற லாரி மேல போய் மோதுது. போன்லயே நல்லா ஓட்டுனேன்... எனக்கு வீல் செட் ஆகாது போல."

இருபது வருஷம் லாரி ஓட்டிய அண்ணன், பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "உன் ஓட்டுறதுல ஒண்ணும் இல்லடா. வண்டி ஒரு பக்கமா இழுத்தா என்ன பண்ணுவோம்? அலைன்மென்ட் பாப்போம். இதுக்கு அப்படி எதுவும் கிடையாதா?"

இருக்கிறது. அதற்குப் பெயர்தான் காலிபரேஷன். வீல் நேராக இருப்பது எது, பெடலில் கால் வைக்காத நிலை எது, முழுசாக அமுக்கிய நிலை எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது. இது தப்பாக இருந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் கேமுக்குப் போய்ச்சேரும் தகவல் தப்பாகத்தான் இருக்கும்.

கரன்ட் வந்ததும் கையை எடுங்க!

முதலில் 'இடது பக்கம் இழுக்குது' பிரச்னை. மோட்டார் உள்ள வீல்களை ஆன் செய்ததும், அது தானாகவே இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் சுற்றி நடுவில் வந்து நிற்கும். இரண்டு எல்லையையும் தொட்டுப் பார்த்து, 'இதுதான் என் நடு' என்று முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் கை பட்டாலோ, முட்டி இடித்தாலோ நடு தப்பாகிவிடும்.

எங்கள் ஊர்க்கதை இங்கேதான் வருகிறது. அன்று சாயங்காலம் கரன்ட் போய் வந்திருக்கிறது. லேப்டாப்புக்கு பேட்டரி இருப்பதால் அணையவில்லை. வீலுக்குத் தனி அடாப்டர் என்பதால் அது மட்டும் அணைந்து, கரன்ட் வந்ததும் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. இவன், "என்னடா தானா சுத்துது" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான்!

தீர்வு சுலபம். கேமை மூடுங்கள். வீலின் பவர், யூ.எஸ்.பி இரண்டையும் கழற்றிவிட்டு, பத்து விநாடி கழித்து மாட்டுங்கள். அது சுற்றி நிற்கும்வரை தொடவே கூடாது. இதைச் செய்ததும் பஸ் நேராகப் போனது.

கேமுக்கு வெளியே ஒரு டெஸ்ட்

அடுத்தது பிரேக். இங்கே பலர் செய்யும் தப்பு, நேராக கேமுக்குள் போய் ஸ்லைடர்களை இழுப்பது. முதலில் வீல் என்ன சொல்கிறது என்று கேமுக்கு வெளியே பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அமுக்கி, வரும் பெட்டியில் இதை டைப் செய்யுங்கள்:

```
joy.cpl
```

உங்கள் வீலைத் தேர்வு செய்து Properties போனால், ஸ்டீயரிங்குக்கும் ஒவ்வொரு பெடலுக்கும் அசையும் அடையாளம் தெரியும். இந்த ஒவ்வொன்றுக்கும் பெயர் 'ஆக்ஸிஸ்'. பட்டன் என்றால் ஆன், ஆஃப் என்று இரண்டே நிலைதான். ஆக்ஸிஸ் அப்படியில்லை. கொஞ்சம், பாதி, முக்கால் என்று அளவு சொல்லும்.

இங்கே மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, மாட்டிய உடனே சில பெடல்கள் பாதி அமுக்கியதுபோலக் காட்டும். ஒவ்வொரு பெடலையும் ஒரு தடவை அடிவரை அமுக்கி விட்டால் சரியாகிவிடும். இரண்டு, ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் அமுக்கும்போது ஒரே கோடுதான் இரண்டு பக்கமும் போகிறது என்றால், வீல் சாஃப்ட்வேரில் 'Combined pedals' ஆனில் இருக்கிறது. அதை ஆஃப் செய்யுங்கள். மூன்று, காலை எடுத்தால் முழு அளவும் அமுக்கினால் பூஜ்யமும் வந்தால் பயப்பட வேண்டாம். பல பெடல்கள் அப்படித்தான் தலைகீழாகப் பேசும். கேமில் அந்த ஆக்ஸிஸை 'Invert' செய்தால் போதும்.

ஒரு பஸ் நீளம் எங்கே போச்சு?

எங்கள் வீலில் பிரேக்கை மட்டும் தனியாகப் பார்த்தோம். கால் வைக்காதபோதே 4 சதவிகிதம் காட்டியது. அடிவரை அமுக்கினால் 80 சதவிகிதத்தைத் தாண்டவில்லை. பழைய பெடல், தேய்மானம்.

கேமின் பார்வையில் யோசியுங்கள். டிரைவர் எப்போதும் பிரேக் மேல் லேசாகக் கால் வைத்தே ஓட்டுகிறார். ஆனால், ஆபத்து வந்தால்கூட முழு பிரேக் போடுவதில்லை!

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும்? 80 கி.மீ வேகத்தில் போகும் பஸ், முழு பிரேக்கில் சுமார் 49 மீட்டரில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பிரேக் பலம் 80 சதவிகிதமாகக் குறைந்தால் அதே பஸ் நிற்க சுமார் 62 மீட்டர் ஆகும். 12 மீட்டருக்குமேல் வித்தியாசம். ஒரு முழு பஸ்ஸின் நீளம்! அவன் லாரி மேல் மோதியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

joy.cpl-இல் Settings பக்கத்தில் Calibrate இருக்கிறது. அது கேட்கும் வரிசையில் ஒவ்வொரு ஆக்ஸிஸையும் முழுசாக அசைக்க வேண்டும். இதைச் செய்ததும் பழைய 4 இப்போது 0 ஆனது, பழைய 80 இப்போது 100 ஆனது. இங்கே ஒரு சின்ன சூட்சுமம். எழுந்து நின்று மிதிப்பதுபோல பலம் கொடுத்து காலிபரேட் செய்யாதீர்கள். உட்கார்ந்து ஓட்டும்போது அவசரத்தில் எவ்வளவு அமுக்குவீர்களோ, அவ்வளவே போதும். இல்லையென்றால், ஓட்டும்போது 100 வரவே வராது.

கடைசியாக, கேமில் பிரேக்குக்கு 'Dead zone' 2, 3 சதவிகிதம் வையுங்கள். பெடலின் முதல் துளி அசைவைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். பிரேக் லைட் சும்மா மினுக்குவது நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில கேம்கள் விண்டோஸ் காலிபரேஷனைக் கண்டுகொள்ளாது. அதில் கேமுக்குள்ளேயே காலிபரேட் செய்ய வேண்டும். இரண்டு இடத்திலும் திருத்தி அளவு குழம்பிவிட்டால், Settings பக்கத்தில் 'Reset to default' கொடுத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

தூசிக்கு காலிபரேஷன் மருந்தில்லை

பெடலைப் பாதியில் அசையாமல் பிடியுங்கள். திரையில் கோடு துள்ளுகிறதா? மெதுவாக அமுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் திடீரென்று எகிறுகிறதா? அப்படியென்றால், அளவு பார்க்கும் 'பொட்டன்ஷியோமீட்டர்' என்ற பாகத்தில் தூசி சேர்ந்திருக்கலாம். பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகர என்று வருமே, அதே கதைதான். எங்கள் ஊர் போன்ற காய்ந்த பூமியில் இது சகஜம்.

வயரைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அந்தப் பாகத்தில் லேசாக அடித்து, பெடலை முப்பது நாற்பது தடவை அமுக்கி விடுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள். அதற்கும் துள்ளினால் அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். ஆடாதபோது பெடல் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு வைப்பது நல்லது.

ஸ்டீயரிங்: எத்தனை சுற்று?

லாஜிடெக் ஜி29 போன்ற வீல்கள் 900 டிகிரி, அதாவது இரண்டரை சுற்று சுற்றும். நிஜ பஸ், லாரி ஸ்டீயரிங் அதைவிட அதிகமாகவே சுற்றும். அதனால் பஸ் கேமுக்கு 900-ஐக் குறைக்காதீர்கள். ஃபார்முலா 1 கேம் என்றால் 360 டிகிரி பக்கம் வைத்துக்கொள்ளலாம். அந்த கார்களில் கை மாற்றிச் சுற்றுவதே கிடையாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. உங்கள் வீலைக் கால் சுற்று திருப்புங்கள். திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் கால் சுற்றுதான் திரும்ப வேண்டும். அரைச் சுற்று போனால் வீல் சாஃப்ட்வேரிலும் கேமிலும் டிகிரி வேறு வேறாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

பெடலுக்கு வைத்த Dead zone-ஐ ஸ்டீயரிங்குக்கு வைக்காதீர்கள், அங்கே 0 போதும். அண்ணன் சொன்னதுதான் சரி: "அதைக் கூட்டுனா ஸ்டீயரிங்ல ப்ளே இருக்கற வண்டி மாதிரி ஆயிரும். திருப்புவ, வண்டி கேக்காது."

எந்த பட்டன் எதுக்கு?

வீலில் இருபது பட்டன் இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்காதீர்கள். கையை எடுக்காமல் விரல் எட்டும் பட்டன்களுக்கு, ஓடும்போது தேவைப்படும் வேலை. நின்றபிறகு தேவைப்படுவது தள்ளி இருக்கும் பட்டனுக்கு.

நாங்கள் வைத்தது இது. ஆட்டோமேட்டிக் கியரில் ஓட்டுவதால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 'பேடில்'களும் சும்மா இருந்தன. இடது பேடில் இடது இண்டிகேட்டர், வலது பேடில் வலது இண்டிகேட்டர். கட்டைவிரல் படும் இடத்தில் ஹாரன், இன்னொரு பக்கம் டிம் பிரைட். ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆன் ஆஃப் இரண்டும் தெரியாமல் கை படாத தூரத்தில்.

மாற்றும்முன், பேடிலில் ஏற்கெனவே இருக்கும் கியர் வேலையை நீக்கிவிடுங்கள். மறந்தால், இண்டிகேட்டர் போடும்போது கியரும் மாறும். வீலை எப்போதும் ஒரே யூ.எஸ்.பி போர்ட்டில் மாட்டுங்கள். போர்ட் மாறினால் சில நேரம் கேம் அதைப் புது வீலாக நினைத்து, செட் செய்ததையெல்லாம் மறந்துவிடும். யூரோ டிரக்கில் இந்த விவரமெல்லாம் Documents ஃபோல்டரில் உங்கள் புரொஃபைலுக்குள் `controls.sii` என்ற ஃபைலில் இருக்கிறது. ஒரு காப்பி எடுத்து வைத்தால் மறுபடி உட்கார்ந்து செட் செய்ய வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் ஒரு டெஸ்ட் வைத்தார். மகனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "இடது இண்டிகேட்டர்... ஹாரன்... டிம்மு" என்று அடுக்கினார். இரண்டு தடவை தடுமாறினான். மூன்றாவது தடவை விரல் தானாகப் போனது.

"இப்ப எடுடா வண்டிய" என்றார். முன்னால் ஒரு லாரி சடன் பிரேக் போட்டது. இவனும் அடித்தான். பஸ் நின்றது, லாரிக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு. ஒரு நிமிஷம் திரையையே பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "தள்ளுடா, நான் ஒரு ட்ரிப் அடிக்கிறேன்."