விட்டுப்போன மூலமும் மாறிப்போன குறியும்

இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்ப்பதில் ஒரு வசதி உண்டு. விடை சரியா என்று பார்க்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. கிடைத்த எண்ணை x இருக்கும் இடத்தில் போட்டுப் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் அது மூலம், வராவிட்டால் இல்லை. பிள்ளைகளின் பயிற்சித்தாளைப் பார்க்கும் பெற்றோர் பலர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் பிரதியிட்டுப் பார்ப்பது, எழுதிய விடையைப் பற்றி மட்டுமே பேசும். எழுதாமல் விட்ட விடையைப் பற்றி அது வாயே திறக்காது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். முதல் கணக்கு x² − 5x − 24 = 0. மாணவி அதை (x − 8)(x + 3) = 0 என்று காரணிப்படுத்தி, விடை x = −8, x = 3 என்று முடித்திருக்கிறாள். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. x-க்கு 3 போட்டால் 9 − 15 − 24, அதாவது −30 வருகிறது, பூச்சியம் வரவில்லை. −8 போட்டால் 64 + 40 − 24, அதாவது 80. இரண்டும் தவறு.

தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்காமல் சிவப்பு மையால் அடித்துவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். இரண்டு அடைப்புகளையும் பெருக்கிப் பாருங்கள். x² + 3x − 8x − 24 என்று விரிந்து, கொடுத்த சமன்பாடே திரும்பி வருகிறது. அப்படியானால் கடினமான பகுதியான காரணிப்படுத்தலை அவள் சரியாகவே செய்திருக்கிறாள். கடைசி வரியில்தான் சறுக்கல்: அடைப்புக்குள் இருந்த −8-ஐயும் +3-ஐயும் அப்படியே எடுத்து விடையாக எழுதிவிட்டாள். பெருக்கற்பலன் பூச்சியமானால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியம். x − 8 = 0 என்றால் x = 8; x + 3 = 0 என்றால் x = −3. இந்த இரண்டு சிறு சமன்பாடுகளையும் தனித்தனி வரியாக எழுதும் பழக்கம் இருந்தால் குறி மாறுவது அரிது. அந்த வரியை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் மதிப்பெண் போகிறது.

பிரதியிடுவதைவிட விரைவான இன்னொரு சோதனையும் உண்டு. மூலங்கள் p, q என்றால் சமன்பாடு (x − p)(x − q) = 0; விரித்தால் x² − (p + q)x + pq = 0. ஆகவே x²-இன் கெழு 1 ஆக இருக்கும்போது, மூலங்களின் கூடுதல் x-இன் கெழுவைக் குறி மாற்றியது, பெருக்கற்பலன் மாறிலி. நம் கணக்கில் கூடுதல் 5, பெருக்கற்பலன் −24 வர வேண்டும். அவள் எழுதிய −8, 3 ஆகியவற்றைப் பெருக்கினால் −24 வந்துவிடுகிறது! இரண்டு குறிகளும் சேர்ந்து மாறினால் பெருக்கற்பலன் மாறாது. கூட்டினால்தான் −5 வந்து குட்டு வெளிப்படும். பெருக்கலை மட்டும் பார்த்து ‘சரி’ போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்த கணக்கு 3x² = 12x. இரண்டு பக்கத்தையும் 3x-ஆல் வகுத்து x = 4 என்று எழுதியிருக்கிறாள். பிரதியிட்டால் இடப்பக்கம் 48, வலப்பக்கமும் 48. சோதனை தேறிவிட்டது, விடையோ குறைபாடானது. ஒன்றை x-ஆல் வகுக்கும்போதே, x பூச்சியம் இல்லை என்று நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இங்கே பூச்சியமும் ஒரு மூலம். வகுத்த கணத்தில் அது காணாமல் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து 3x² − 12x = 0, பிறகு 3x(x − 4) = 0 என்று எழுதினால் 0, 4 இரண்டும் கிடைக்கும். 3-ஆல் வகுப்பதில் தப்பே இல்லை. அந்த எண் பூச்சியமல்ல. x உள்ள எதனாலும் வகுக்கக் கூடாது. (x − 3)² = 5(x − 3) என்ற கணக்கில் x − 3-ஐ அடித்துவிட்டு 8 என்று மட்டும் எழுதுவதும் இதே தவறுதான்; அதில் தொலைவது 3.

இந்த வகைத் தவறைப் பிடிப்பது கூடுதல், பெருக்கற்பலன் சோதனைதான். x²-க்கு முன்னால் 1 அல்லாத கெழு இருந்தால் முதலில் சமன்பாடு முழுவதையும் அதனால் வகுத்துவிட வேண்டும். 3x² − 12x = 0 என்பது x² − 4x = 0 ஆகிறது. கூடுதல் 4, ஒரு மூலம் 4 என்றால் மற்றது 0 ஆக இருந்தே தீர வேண்டும். ஒரே எண் எழுதியிருப்பதாலேயே தவறு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. x² − 6x + 9 = 0 என்பதற்கு 3 மட்டும்தான் விடை. கூடுதல் 6, அதாவது 3-உம் 3-உம். மூலங்கள் சமம், எதுவும் தொலையவில்லை.

மூன்றாவது கணக்குதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் திருத்துபவரையே ஏமாற்றிவிடும். (x − 2)(x + 5) = 8. மாணவி x − 2 = 8, x + 5 = 8 என்று எழுதி, 10, 3 என்று விடை தந்திருக்கிறாள். 3-ஐப் போட்டால் 1 × 8 = 8. பொருந்துகிறது! வழி முழுக்கத் தவறு, ஆனால் ஒரு மூலம் தற்செயலாகச் சரியாக விழுந்துவிட்டது. 10-ஐப் போட்டால் 8 × 15, அதாவது 120. பெருக்கற்பலன் 8 ஆக வேண்டுமானால் காரணிகள் 1, 8 ஆகலாம், 2, 4 ஆகலாம், −8, −1 ஆகவும் ஆகலாம். பூச்சியத்துக்கு மட்டுமே உள்ள விதியை 8-க்குப் பயன்படுத்த முடியாது. விரித்து, 8-ஐ இப்பக்கம் கொண்டுவந்தால் x² + 3x − 18 = 0, அதாவது (x + 6)(x − 3) = 0. மூலங்கள் −6, 3. ஆகவே ஒரு மூலத்தைப் பிரதியிட்டுப் பார்த்ததும் நிறுத்தக் கூடாது. பிரதியிடும்போது தாளில் அச்சிட்டிருக்கும் சமன்பாட்டிலேயே பிரதியிடுங்கள். கணக்கை நோட்டில் எடுத்தெழுதும்போதே குறி மாறியிருந்தால், பிள்ளை எழுதிய வரியில் எல்லாச் சோதனையும் தேறிவிடும்.

வேண்டுமென்றே ஒரு மூலத்தை விடுவதும் உண்டு. இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு வருகிறது. 12-ஆம் நூற்றாண்டு நூல். கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து, அதன் வர்க்கம் அளவு குரங்குகள் குகைக்குள் போயின. வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மொத்தம் எத்தனை? சமன்பாடு x² − 55x + 250 = 0 என்று முடியும்; மூலங்கள் 50, 5. இரண்டுமே சமன்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஐந்து குரங்குகளில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று; அதிலிருந்து மூன்றைக் கழித்தால் −2. அத்தனை குரங்குகள் என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதால் பாஸ்கரர் 5-ஐ ஏற்கவில்லை.

வாக்கியக் கணக்குகளில் மாணவர்களும் இதையே செய்யலாம். ஆனால் இரண்டு மூலங்களையும் முதலில் எழுதிவிட்டு, ஒன்றை ஏன் விலக்குகிறோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாத தாளில் மூலம் விலக்கப்பட்டதா, விட்டுப்போனதா என்று திருத்துபவருக்குத் தெரிய வழியில்லை.