டிவி ஓரத்தில் காணாமல் போகும் கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹாலில் 43 அங்குல ஃபுல் எச்.டி. டிவி, அதன் பக்கத்தில் மேசைமேல் விண்டோஸ் 10 ஓடும் ஒரு மடிக்கணினி. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் படம் பளிச்சென்று வந்துவிடுகிறது. ஆனால் ஏதோ குறைகிறது. கீழே வலது மூலையில் மணியின் மேல்பாதி மட்டும் எட்டிப் பார்க்கிறது. அதன் அடியில் இருக்கவேண்டிய தேதியைக் காணோம். இடது ஓரத்து ஐகான்களின் பெயர்களில் முதல் எழுத்துகள் இல்லை. ஒரு விண்டோவை முழுத்திரையாக விரித்தால், அதை மூடுவதற்கான X பொத்தான் எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில்தான். அதைத் திறந்து பார்த்தால் 1920 × 1080 என்று சரியாகவே இருக்கிறது. குறைத்தாலும் கூட்டினாலும் வேறு தொல்லைகள் வருகின்றனவே தவிர, போன மூலை திரும்புவதில்லை. கணினியின் மேல் தவறே இல்லை. அது முழுப் படத்தையும் அனுப்பிவிட்டது. வாங்கிக்கொண்ட டிவிதான் நான்கு ஓரங்களையும் கத்தரித்துவிட்டு, மிச்சத்தை இழுத்துத் திரையை நிரப்புகிறது. இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன்.

எவ்வளவு வெட்டுப்படுகிறது என்பது டிவிக்கு டிவி மாறும். ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலம் 1920 புள்ளிகள். அதில் இரண்டரை சதவீதம் 48. உயரம் 1080, அதில் 27. ஆக இடமும் வலமும் 48 புள்ளிகளும், மேலும் கீழும் 27 புள்ளிகளும் போய்விடுகின்றன. விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் வழக்கமான அளவில் 40 புள்ளி உயரம். அதில் 27 போனால் மிஞ்சுவது 13. மணியின் தலை மட்டும் தெரிவதற்கு இதுதான் காரணம். X பொத்தான் இருப்பதோ வலது ஓரத்தின் கடைசி 46 புள்ளிகளுக்குள். வெட்டு 48 என்பதால் அது முழுதாகவே மறைந்துவிடுகிறது.

மூலை போனது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். தெரியாத நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. மிஞ்சிய 1824 × 1026 புள்ளிகளை வைத்துக்கொண்டு டிவி 1920 × 1080 புள்ளிகளை நிரப்பவேண்டும். ஒரு புள்ளியை 1.05 புள்ளியாக்க முடியாது. எனவே பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து இட்டுக்கட்டுகிறது. சினிமாவில் இது தெரியாது. எழுத்தில் தெரியும். ஒரே ஒரு புள்ளி அகலமுள்ள கோடு இரண்டு புள்ளிகளில் மங்கலாகப் பரவி, எழுத்துகள் லேசாகக் கசங்கினாற்போல் ஆகிவிடும். “டிவியில் கம்ப்யூட்டர் வைத்தால் கண் வலிக்கிறது” என்று சொல்பவர்கள் ஓவர்ஸ்கேன் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பணம் கொடுத்து வாங்கிய திரை, வந்த படத்தை ஏன் வெட்டவேண்டும்? பதில் பழைய பெட்டி டிவியின் காலத்தில் இருக்கிறது.

பிக்சர் டியூபில் படத்தை வரைந்தது எலெக்ட்ரான் கற்றை. டியூபின் கழுத்தைச் சுற்றியிருந்த காந்தச் சுருள்கள் அதை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வளைத்து வளைத்து வரி வரியாக ஓட்டின. அந்த ஓட்டம் துல்லியமாக ஓரத்தில் போய் நின்றுவிடாது. பாகங்கள் பழசாக ஆக அளவு மாறும். மின்னழுத்தம் குறைந்தாலும் மாறும். மாலையில் வோல்டேஜ் இறங்கியபோது டிவி படம் சுருங்கி, ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்ததையும், ஸ்டெபிலைசர் வாங்கியதையும் நினைவு வைத்திருக்கும் வீடுகள் தமிழகத்தில் ஏராளம். இந்தச் சுருக்கம் தெரியாமலிருக்கத்தான், படத்தைக் கண்ணாடியின் ஓரத்தையும் தாண்டி வரையும்படி கம்பெனிகள் டிவியை அமைத்தன. கொஞ்சம் சுருங்கினாலும் திரை நிறைந்தே இருக்கும்.

ஓரம் மறையும் என்பது ஒளிபரப்புகிறவர்களுக்கும் தெரியும். அதனால் முக்கியமான காட்சிகள் படத்தின் நடு 90 சதவீதத்துக்குள்ளும், எழுத்துகள் நடு 80 சதவீதத்துக்குள்ளும் அடங்கவேண்டும் என்பது அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் துறையின் வழிகாட்டுதல். சேனலின் சின்னம் மூலையை ஒட்டாமல் சற்று உள்ளே தள்ளி நிற்பதற்கு இதுவே ஆரம்பம். மறையும் ஓரம் என்பதால் அங்கே சில நேரம் குப்பையும் சேர்ந்தது: கோணலான விளிம்பு, மேல்வரியில் ஓடும் வெள்ளைப் புள்ளிகள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

எல்.சி.டி. வந்தபோது காந்தச் சுருளும் இல்லை, சுருங்கும் படமும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் அசையாமல் இருந்தது. ஆனால் ஒளிபரப்பின் ஓரக்குப்பை அப்படியே வந்துகொண்டிருந்ததால் அதை மறைக்கும் வழக்கமும் தொடர்ந்தது. 720p, 1080i, 1080p ஆகியவை தொலைக்காட்சிக்கென்று வகுத்த வடிவங்கள். அவற்றில் ஒன்று வந்தால், வருவது நிகழ்ச்சிதான் என்று எடுத்துக்கொண்டு பல டிவிகள் ஓரத்தை வெட்டுகின்றன. 1440 × 900 போன்ற கணினிக்கே உரிய அளவு வந்தால் பொதுவாக வெட்டுவதில்லை. பழைய வி.ஜி.ஏ. கேபிளில் சரியாக உட்கார்ந்த டெஸ்க்டாப் எச்.டி.எம்.ஐ.க்கு மாறியதும் வெட்டுப்பட்டதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

வெட்டுவது டிவி என்றால், சரிசெய்யவேண்டிய இடமும் டிவியே. டிவியின் ரிமோட்டை எடுத்து, கணினி இணைந்திருக்கும் எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, படத்தின் அளவை மாற்றும் மெனுவுக்குப் போகவேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்.ஜி. டிவியில் Just Scan என்பதை இயக்கவேண்டும். சாம்சங்கில் மாடலைப் பொறுத்து Screen Fit அல்லது Fit to Screen. சோனியில் Full Pixel. ஷார்ப்பில் Dot by Dot. பிலிப்ஸில் Unscaled. பானாசோனிக்கில் Overscan என்ற பெயரிலேயே இருக்கும். அதை Off ஆக்கவேண்டும். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே: வரும் ஒரு புள்ளியைத் திரையின் ஒரு புள்ளியில் வைப்பது. Zoom, Wide என்ற பெயர்களில் இருப்பவை இதற்கு நேர் எதிரானவை.

மெனுவில் இப்படி எதுவும் தென்படாவிட்டால், உள்ளீட்டின் பெயரை PC என்று மாற்றிப் பார்க்கலாம். சில டிவிகள், குறிப்பாக சாம்சங் மாடல்கள், இந்தப் பெயர் மாற்றத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு கணினிக்கேற்ப நடந்துகொள்கின்றன.

இந்த அமைப்பைப் பல டிவிகள் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாகவே நினைவில் வைக்கின்றன. HDMI 1-இல் சரிசெய்துவிட்டு, மறுநாள் கேபிளை HDMI 2-இல் செருகினால் மூலை மறுபடியும் காணாமல் போகும். டிவி கெட்டுவிட்டதென்று பயப்படவேண்டியதில்லை. அந்த உள்ளீட்டிலும் ஒருமுறை மாற்றினால் போதும்.

ரிமோட்டைத் தேடாமல், கணினியிலேயே படத்தைச் சுருக்கி அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். வழி இருக்கிறது. NVIDIA Control Panel-இல் Adjust desktop size and position என்ற பக்கத்திலும், ஏ.எம்.டி.யின் மென்பொருளில் HDMI Scaling என்ற நழுவுபட்டையிலும் அதைச் செய்யலாம். மூலைகள் திரும்பிவிடும். ஆனால் விலை உண்டு. கிராபிக்ஸ் கார்டு 1920 × 1080 படத்தை 1824 × 1026 ஆகச் சுருக்கி, சுற்றிலும் கறுப்புச் சட்டம் வைத்து அனுப்பும். டிவி அந்தச் சட்டத்தை வெட்டிவிட்டு, சுருங்கியதை மறுபடி இழுக்கும். முன்பு ஒருமுறை கசங்கிய எழுத்து இப்போது இரண்டுமுறை கசங்கும். டிவியில் அணைக்கும் வசதியே இல்லாதபோதுதான் இந்த வழிக்குப் போகவேண்டும்.

நேர்மாறான கோளாறும் உண்டு: மூலை எதுவும் போகவில்லை, ஆனால் படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம். டிவி வெட்டும் என்று கணினி முன்கூட்டியே ஊகித்துச் சுருக்கி அனுப்ப, டிவியோ வெட்டாமல் அப்படியே காட்டுகிறது என்று இதற்குப் பொருள். ஏ.எம்.டி.யின் பழைய டிரைவர்கள் எச்.டி.எம்.ஐ.யில் இப்படிச் சுருக்குவதையே இயல்பாக வைத்திருந்தன. HDMI Scaling-ஐ 0% ஆக்கினால் சட்டம் போய்விடும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் இதே கதை. அதன் பழைய மாடல்களில் மெமரி கார்டில் இருக்கும் config.txt என்ற கோப்பைத் திறந்து, இந்த வரிக்கு முன்னால் இருக்கும் # குறியை நீக்கிவிட்டு மறுபடி இயக்கினால் போதும்:

```
disable_overscan=1
```

இந்த வரி நிறுத்துவது ராஸ்பெரி பை தானாகச் சேர்க்கும் சட்டத்தை மட்டும்தான். டிவி செய்யும் வெட்டு இதனால் நிற்காது. டிவி வெட்டிக்கொண்டிருக்கும்போது இதைப் போட்டால் மூலைகள் முன்னைவிட அதிகமாகப் போகும். அதனால் முதலில் டிவி, பிறகு இந்தக் கோப்பு என்பதே சரியான வரிசை.

வெட்டு முழுதாக நின்றுவிட்டதா என்று அறிய ஒரு சோதனை போதும். பெயின்ட் மென்பொருளில் 1920 × 1080 அளவில் ஒரு வெள்ளைப் படம் உருவாக்கவேண்டும். விளிம்பை ஒட்டிச் சிவப்பில் ஒரு கட்டம், 20 புள்ளி உள்ளே நீலத்தில் ஒன்று, 40 புள்ளி உள்ளே பச்சையில் ஒன்று, 60 புள்ளி உள்ளே கறுப்பில் ஒன்று. F11 அழுத்தி அதைத் திரை முழுக்க விரிக்கவேண்டும். நம் கணக்கில் பார்த்த டிவியில் மேலும் கீழும் பச்சைக்கோடுதான் முதலில் தெரியும். பக்கங்களிலோ பச்சையும் போய்க் கறுப்புதான் மிஞ்சும். Just Scan போன்றதை இயக்கியபின் நான்கு பக்கமும் சிவப்புக்கோடு தெரிந்தால் வெட்டு நின்றுவிட்டது.

எல்லா டிவிக்கும் இந்த முழுப் பலன் கிடைக்காது. எச்.டி. ரெடி என்று விற்கப்படும் பல 32 அங்குல டிவிகளில் பேனல் 1366 × 768 புள்ளிகள்தான். 1080p அனுப்பினால் அவற்றை 768 வரிக்குள் எப்படியும் சுருக்கியே தீரவேண்டும். ஓவர்ஸ்கேனை அணைத்தால் மூலைகள் வரும், கூர்மை வராது. அப்படிப்பட்ட டிவியில் கணினியின் ரெசல்யூஷன் பட்டியலில் 1366 × 768 அல்லது 1360 × 768 இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அது கணினிக்குரிய அளவு என்பதால் பெரும்பாலும் வெட்டும் இருக்காது, எழுத்தும் தெளியும். பட்டியலில் இல்லாவிட்டால், சிறிய எழுத்தைக் கட்டாயப்படுத்திப் படிக்காமல் விண்டோஸின் Scale அளவை 125% ஆக உயர்த்திக்கொள்ளலாம்.

ஹாலில் இருக்கும் அந்த 43 அங்குல டிவிக்கு இந்தச் சங்கடம் இல்லை. பேனல் 1920 × 1080, வருவதும் 1920 × 1080. ரிமோட்டில் நாலைந்து அழுத்தல்களில் மணிக்குக் கீழே தேதி வந்து உட்கார்கிறது, ஐகான்களின் பெயர்கள் முழுசாகின்றன, விண்டோவின் மூலையில் X தெரிகிறது.