53 சதவீதம் தள்ளுபடி, மிச்சம் நூறு ரூபாய்

ஆடி பிறந்தால் பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் தள்ளுபடிப் பலகை ஏறுவது பழைய வழக்கம். அபிராமபுரத்து அடுக்குமாடிகளில் இப்போது ஆடி, ஆவணி பேதமே இல்லை. வாட்ச்மேன் மேஜையில் வந்து குவியும் அட்டைப்பெட்டிகளுக்கு வருஷம் முழுக்கத் தள்ளுபடி மாதம்தான். அப்படி ஒரு பெட்டிக்குள் 750 வாட் மிக்ஸி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. 6,999 ரூபாய், வாங்கிய விலை 3,299. விற்பனைப் பக்கம் இதை 53 சதவீதத் தள்ளுபடி என்கிறது, கணக்கும் சரிதான். ஆனால் அதே மிக்ஸி கடந்த மூன்று மாதத்தில் பெரும்பாலான நாள் 3,399-க்கு விற்றிருக்கிறது. விற்பனைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு 3,999-க்கு ஏறி, திருவிழா அன்று 3,299-க்கு இறங்கியிருக்கிறது. போன தீபாவளிக்கோ 3,099-க்கே கிடைத்திருக்கிறது. ஆக, வாங்கியவருக்கு உண்மையில் மிச்சம் நூறு ரூபாய், அதாவது மூன்று சதவீதம். தீபாவளி விலையோடு ஒப்பிட்டால் இருநூறு ரூபாய் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார். இவை கணக்குக்காக எடுத்த எண்கள்தான். ஆனால் விலை வரலாற்றைப் பார்க்கிற பழக்கம் உள்ள யாருக்கும் இந்த ஏற்ற இறக்கம் புதிதாக இருக்காது.

கோளாறு தொடங்கும் இடம் எம்.ஆர்.பி. இதற்கு மேல் விற்கக் கூடாது என்று வாங்குபவரைக் காக்க வந்த எண் அது. அந்த எண்ணை எழுதுபவர் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் மருந்து போன்ற சில பொருள்களை விட்டால், எவ்வளவு உயரத்தில் எழுதலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் குற்றம், எம்.ஆர்.பி.யையே இரண்டு மடங்காக அச்சடித்தால் குற்றமில்லை. அதனால் கூரையாக இருக்க வேண்டிய எண், தள்ளுபடியை அளக்கும் அடித்தளமாகிவிட்டது. சட்டப்படி அச்சிட்ட எண் என்பதால், யாரும் ஒருநாளும் கொடுக்காத விலைக்குக்கூட ஏதோ அரசு முத்திரை விழுந்தது போன்ற மரியாதை வந்துவிடுகிறது. கையால் எழுதி அடித்துவிட்ட விலையைச் சந்தேகிக்கிறவர்கூட, அச்சான எம்.ஆர்.பி.யைச் சந்தேகிப்பதில்லை.

‘நான் கொடுப்பது 3,299. அந்த விலைக்குப் பொருள் தகுமென்றால், அடித்த விலை என்னவாக இருந்தால் எனக்கென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு பொருளை மட்டும் பார்த்து வாங்குவதானால் இந்தக் கேள்வி நியாயம். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு மிக்ஸி இருக்கிறது. அதன் எம்.ஆர்.பி. 3,800, விற்பனை விலை 3,200. கவனியுங்கள், இதுதான் விலை குறைவு. ஆனால் அதன் மேல் 16 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும். ‘தள்ளுபடி அதிகம் உள்ளவை முதலில்’ என்று வரிசைப்படுத்தினால் அது பின்னால் போய்விடும். எம்.ஆர்.பி.யை நாணயமாக எழுதியவர் தோற்கிறார், அடுத்த முறை அவரும் உயர்த்தி எழுதுகிறார். மூலப்பொருள், சரக்குக் கட்டணம் எல்லாம் மாறுவதால் விலையும் ஏறி இறங்கும் என்று வியாபாரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் ஒவ்வொரு முறையும் விற்பனைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பாகவே வருவதற்கு அது காரணமாகாது.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1964-லேயே தன் வழிகாட்டு விதியில் ஒரு பேனாக் கணக்கை எழுதிவைத்தது. வழக்கமாக ஏழரை டாலருக்குப் பேனா விற்பவர் சில நாள் மட்டும் பத்து டாலர் என்கிறார். விற்காது என்று அவருக்கே தெரியும், கவலையில்லை. பிறகு பழைய ஏழரைக்கே இறக்கி ‘பத்து டாலர் பேனா ஏழரைக்கு’ என்று விளம்பரம் செய்கிறார். இது ஏமாற்று என்கிறது விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் இதைக் கணக்காகவே கட்டிப்போட்டது. விலைக்குறைப்பு அறிவித்தால், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும். ஜெர்மனியில் ஒரு மளிகைக் கடை வாழைப்பழத்துக்கு 23 சதவீதம் குறைப்பு என்று பெரிதாகப் போட்டு, 30 நாள் குறைந்த விலையைச் சின்ன எழுத்தில் அடியில் வைத்தது. விற்ற விலையும் அந்தக் குறைந்த விலையும் ஒன்றே, 1.29 யூரோ. சதவீதத்தையே அந்தக் குறைந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. நம் மிக்ஸி அங்கே விற்றால் பலகையில் 3 சதவீதம் என்றுதான் எழுத முடியும்.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு பொருள் சாதாரணமாக என்ன விலைக்கு விற்கிறது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) சொல்கிறது. இணைய வணிகத்தின் தந்திரங்களைப் பட்டியலிட்ட 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் போலி அவசரம் உட்படப் பதிமூன்றைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. ஊதிப் பெருக்கிய எம்.ஆர்.பி. அந்தப் பதிமூன்றில் தனியாக இடம்பெறவில்லை. 30 நாள் கணக்கும் கிடையாது. ஆகவே ‘சாதாரணமாக விற்கிற விலை’ எது என்று காட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. அதற்கு அவர் கையில் உள்ள ஒரே சான்று விலை வரலாறு.

பார்ப்பது எளிது. பொருளின் இணைப்பை நகலெடுத்து விலை வரலாறு காட்டும் தளத்திலோ செயலியிலோ ஒட்டினால் வரைபடம் வரும். 30 நாளோடு நிற்கக் கூடாது, விலையை 40 நாள் முன்பே ஏற்றிவைத்தால் அது பிடிபடாது. மூன்று மாதக் கோடு எந்த விலையில் அதிக நாள் படுத்திருக்கிறது என்று பாருங்கள், அதுதான் உண்மை விலை. பிறகு ஓராண்டின் அடிமட்டத்தைப் பாருங்கள். வங்கி அட்டைச் சலுகையும் கூப்பனும் பெரும்பாலும் இந்தக் கோட்டில் ஏறாது, அவற்றைத் தனியே கழிக்க வேண்டும். நிறமும் அளவும் மாறினால் வரலாறும் வேறு. வரி மாற்றத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் ஏ.சி.க்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. அதற்கு முன் 40,000-க்கு விற்ற டி.வி., கடைக்காரர் ஒரு காசு விட்டுக்கொடுக்காமலே 36,875-க்கு வந்திருக்க வேண்டும். அந்த 3,125 ரூபாய் அரசு விட்டது, கடையின் தள்ளுபடி அல்ல.

இதைவிடப் பெரிய கவலை, வரலாறே இல்லாத பொருள். திருவிழாவுக்கென்றே புது மாடல் எண்ணோடு இறங்கும் டி.வி.க்குப் பழைய விலை ஏது? தி.நகர் துணிக்கடையில் ஆடிக்கென்றே வந்திறங்கிய சட்டையின் அட்டையில் 1,999 அடித்து 999 என்று போட்டிருந்தால், அது 1,999-க்கு விற்ற நாள் ஒன்று இருந்ததா என்று சொல்ல எந்தச் செயலியாலும் முடியாது. இணையத்தில் வாங்குபவர் குறைந்தபட்சம் ஒரு கோட்டைப் பார்க்கலாம், கடைக்கு நடந்துபோய் வாங்கும் பெரியவருக்கு அந்தப் பலகைதான் கதி. முந்தைய 30 நாள் விலையைப் பலகையில் எழுதச் சொல்லும் விதி வந்தால் முதலில் பயன்படப்போவது அவருக்குத்தான். அது வரும்வரை, பெரிய பொருள் வாங்க நினைத்தால் ஒரு மாதம் முன்பே விலைப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கடையில் என்றால் அட்டையைப் படம் எடுங்கள். விலை ஏறி இறங்கியது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.