செப்டம்பரை விட ஜூன் முக்கியம்

ஆர்க்டிக் கடலின் பனிக்கட்டி பெரும்பாலும் செப்டம்பரில்தான் செய்தியாகிறது. பனிப்பரப்பு மிகவும் சுருங்கும் மாதம் அது. 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. செயற்கைக்கோள்கள் பதிவு செய்ததில் அதுவே மிகக் குறைவு. ஆனால் வெப்பக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ஜூன்தான் முக்கியம். செப்டம்பரில் அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகரும். ஜூனில் அது மறைவதே இல்லை.

புதிதாகப் பெய்த வெண்பனி மூடிய பனிக்கட்டி, தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல்நீர் திருப்பி அனுப்புவது 10 சதவீதம்கூட இல்லை. மீதி முழுவதும் நீருக்குள் இறங்கி வெப்பமாகிறது.

வெண்மை ஒரே நாளில் கறுப்பாகிவிடுவதில்லை. 1997 அக்டோபரில் கனடாவின் பனி உடைப்புக் கப்பல் ஒன்றை போபோர்ட் கடலில் வேண்டுமென்றே உறையவிட்டு, விஞ்ஞானிகள் ஓராண்டு அதனுடன் மிதந்தார்கள். 'ஷீபா' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். டான் பெரோவிச் குழுவினர் பனியின் மேல் 200 மீட்டருக்கு ஒரு கோடு வகுத்து, அதே இடங்களில் திரும்பத் திரும்ப ஒளியை அளந்தார்கள். மே கடைசியில் மழை பெய்து வெண்பனி நனைந்ததுமே திருப்பி அனுப்பும் அளவு சரியத் தொடங்கியது. பிறகு பனியின் மேலேயே நீலக் குட்டைகள் தேங்கின. ஆகஸ்டில் அந்தக் கோடு சராசரியாகத் திருப்பி அனுப்பியது சுமார் 40 சதவீதம்தான். இத்தனைக்கும் அங்கே பனிக்கட்டி இன்னும் இருந்தது! பரப்பளவை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது.

பனி விலகிய இடத்தில் சூடேறிய நீர் பக்கத்துப் பனியின் அடியில் புகுந்து கரைக்கிறது. 2007 கோடையில் போபோர்ட் கடலில் சில இடங்களில் பனிக்கட்டி அடிப்பக்கமாகவே 2 மீட்டருக்கு மேல் உருகியது. அதற்கான வெப்பம் முதன்மையாகத் திறந்த நீர் வாங்கிய வெயில்தான் என்று கணக்கிட்டுக் காட்டியதும் பெரோவிச் குழுவே.

வாங்கிய வெப்பம் அப்போதே காற்றுக்குப் போவதில்லை. இலையுதிர் காலத்தில், கடல் மறுபடி உறைவதற்குமுன், அதை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஆர்க்டிக் காற்று கோடையை விட அக்டோபர், நவம்பரில் அதிகமாகச் சூடேறியிருப்பதற்கு இது பெரிய காரணம்.

பனி விலக நீர் சூடேறி, அந்த நீர் மேலும் பனியைக் கரைக்கும் இந்தச் சுழல் கட்டவிழ்ந்து ஓடிவிடாதா? அப்படியும் இல்லை. இருண்ட குளிர்காலத்தில் திறந்த நீர் வெப்பத்தை வேகமாக இழக்கும். மெல்லிய பனி, தடித்த பனியை விட விரைவாக வளரும். அதனால் ஒரு மோசமான கோடைக்கு அடுத்த ஆண்டு பரப்பு ஓரளவு மீள்வதுண்டு. மேகங்களும் குறுக்கே வரும்: மேலே அடர்ந்த மேகம் நின்றால் கீழே பனியா நீரா என்ற வேறுபாடு குறைந்துபோகும். ஆனால் மீண்டு வருவது மெல்லிய, ஒரே குளிர்காலத்தில் உறைந்த பனி. அது தட்டையாக இருப்பதால் உருகும் நீர் அகலமாகப் பரவித் தேங்குகிறது. வெயில் உச்சத்தில் நிற்கும் ஜூனிலேயே அதன் பெரும்பகுதி வெண்மை இழந்துவிடுகிறது.